வாசகர் வட்டக் கூட்டத்துக்கு அறிவிப்பு எழுதுவது எப்படி: ‘வெக்கை’ நாவலை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மாடியில் மாதந்தோறும் மூன்றாம் ஞாயிறு மாலை கூடுகிறோம். பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வருவார்கள். அறிவிப்பு எழுதும் பொறுப்பு ஆண்டுக்கு ஒருவரிடம் மாறும். நான் இரண்டு ஆண்டுகள் எழுதினேன். பிறகு புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எடுத்துக்காட்டாக பூமணியின் ‘வெக்கை’ நாவலுக்கு அறிவிப்பு எழுதுவதாக வைத்துக்கொள்கிறேன். 1982இல் வந்த நாவல். சிறியது, ஒரு மாதத்தில் யாரும் முடித்துவிடலாம். அறிவிப்பு எழுதுகிறவருக்கு வரும் சிக்கல்கள் எல்லாமே இந்த ஒரு நூலில் இருக்கின்றன: வட்டார வழக்கு, தொடக்கத்திலேயே ஒரு கொலை, எல்லோரும் பார்த்துவிட்ட ஒரு திரைப்படம்.

## 1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு விவரங்கள் உறுதியாகாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்: இடம், நாள், நூல் கிடைக்கும் வழி, அன்றைக்கு வாசலில் நிற்கப்போகிற ஆள்.

முதலில் இடம். நூலகரிடம் நேரில் போய்க் கேட்டு, அவர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் அது உறுதி. “ஒவ்வொரு மாதமும் நடப்பதுதானே” என்று நினைத்துச் சும்மா இருந்த ஒரு மாதம், மாடியில் வேறொரு போட்டித் தேர்வுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. படியேறி வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் அன்றைக்குத்தான் முதன்முறையாக வந்தவர்கள். அதன் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை.

இடத்துக்குப் பிறகுதான் நாள். மூன்றாம் ஞாயிறு என்று வழக்கம் இருந்தாலும் நாட்காட்டியைத் திறந்து பாருங்கள். ஜனவரியில் அது பொங்கல் விடுமுறையோடு ஒட்டிக்கொண்டு வரும். பாதிப் பேர் சொந்த ஊரில் இருப்பார்கள். அந்த மாதத்துக்கு மட்டும் ஒரு வாரம் தள்ளிவிடலாம். ஆனால் தள்ளியதை அறிவிப்பின் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். பழகியவர்கள் தேதியைப் படிப்பதில்லை, மூன்றாம் ஞாயிறு என்று மனதிலேயே வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, நூல். இதைத்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். நூலின் பெயரை அறிவித்துவிட்டுப் பிறகு தேடினால், கடையில் இல்லை என்று பத்துப் பேர் வெறுங்கையோடு வருவார்கள். அறிவிப்புக்கு முன்பே நூலகத்தில் எத்தனை பிரதி இருக்கிறது, அவற்றில் எத்தனை வெளியே போயிருக்கிறது என்று பாருங்கள். ஊரில் உள்ள புத்தகக் கடைக்குத் தொலைபேசியில் பேசி, எத்தனை பிரதி இருக்கிறது, கேட்டால் வரவழைக்க எத்தனை நாள் ஆகும் என்று குறித்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் இரண்டு பிரதிதான் இருக்கிறது என்றால், ஆளுக்கு ஐந்து நாள் வீதம் நான்கு வாரத்தில் பத்துப் பதினொரு பேர் படித்துவிடலாம். அந்த ஏற்பாட்டை நூலகரிடம் பேசி முடித்துவிட்டு அறிவிப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். யாராவது நூலை முழுவதும் படமெடுத்து அனுப்புகிறேன் என்று முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தமிழில் ஒரு பதிப்பு விற்றுத் தீர்வதே பெரும்பாடு. நூலைப் பற்றிப் பேசக் கூடுகிறவர்களே அதைத் திருட்டுப் பிரதியாக்கக் கூடாது.

நான்காவது, வாசலில் நிற்கும் ஆள். இது ஏன் எழுதுவதற்கு முன்பே தேவை என்பதை ஐந்தாம் படியில் விளக்குகிறேன்.

## 2. நூலை இரண்டாம் முறை படியுங்கள், பென்சிலோடு

முன்பு எப்போதோ படித்த நினைவிலிருந்து கேள்வி எழுதினால், நூலைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சுத்தான் கேள்வியாக வரும். ‘வெக்கை’ என்றால் “பழிவாங்கல்”, “நிலம்”, “ஒடுக்குமுறை” என்று மூன்று சொற்கள் உடனே நாவில் வந்துவிடும். அவற்றைக் கேள்வியாக்கினால், நூலைப் படிக்காதவரும் பதினைந்து நிமிடம் பேசிவிடுவார். படித்தவர் வாய் திறக்க இடம் இருக்காது.

அதனால் இரண்டாம் முறை படிக்கும்போது பென்சிலால் ஒரே ஒரு குறியை மட்டும் இடுங்கள். எந்த இடத்தில் உங்கள் நினைப்பு மாறியதோ, எந்த இடத்தில் சற்று நிறுத்தி முந்தைய பக்கத்தைப் புரட்டினீர்களோ, அங்கே ஒரு கோடு. அழகான வரிகளுக்குக் கோடு வேண்டாம். அழகான வரியைப் பற்றி எல்லோரும் ஒத்துப்போவார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

‘வெக்கை’யில் எனக்கு முதல் கோடு முதல் பக்கத்திலேயே விழுந்தது. சிதம்பரம் பதினைந்து வயதுப் பையன். தன் அண்ணனைக் கொன்ற பகைக்காக வடக்கூரானின் கையை வெட்ட வேண்டும் என்றுதான் போகிறான். ஆள் செத்துப்போகிறான். நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. முதல் வாசிப்பில் அந்த வேகத்தில் இதைக் கடந்து ஓடிவிட்டேன். இரண்டாம் வாசிப்பில்தான், இந்த வேறுபாட்டைப் பற்றி அவனும் அவனுடைய அய்யாவும் என்ன நினைக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

இப்படி ஏழெட்டுக் கோடுகள் விழும். அவற்றிலிருந்து கேள்விகளை எடுங்கள்.

## 3. கேள்விகளை எழுதுவது

நீண்ட நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். நான் முதன்முதலில் எழுதிய அறிவிப்பில் பதினொரு கேள்விகள் இருந்தன. கூட்டத்தில் இரண்டு கேள்விகளைத்தான் தொட முடிந்தது. அதைவிட மோசம், அந்தப் பட்டியலைப் பார்த்துத் தேர்வுத்தாள் போல இருக்கிறது என்று மூன்று பேர் வரவே இல்லை.

எத்தனை கேள்வி? நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். மாலை 4.30 முதல் 6.30 வரை 120 நிமிடம். அறிமுகத்துக்குப் பத்து, தேநீருக்குப் பத்து, அடுத்த மாத நூலைத் தேர்ந்தெடுக்கப் பத்து. மீதி 90 நிமிடம். பன்னிரண்டு பேர் இருக்கும் கூட்டத்தில் ஒரு கேள்வி நன்றாகப் பேசப்பட இருபது நிமிடமாவது ஆகும். ஆகவே நான்கு. அறிவிப்பில் மூன்றை வெளியிட்டு, நான்காவதைக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம். முடிவைத் தொடும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அறிவிப்பைப் படிக்கிறவர்களில் பலர் அப்போது நூலைத் திறந்தே இருக்க மாட்டார்கள்.

எப்படிப்பட்ட கேள்வி? எழுதிய ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு வகையில் சோதியுங்கள். பதில் சொல்கிறவர் நூலைப் புரட்டி ஓர் இடத்தைக் காட்ட வேண்டியிருக்கிறதா? நன்றாகப் படித்த இரண்டு பேர் இதற்கு வெவ்வேறு பதில் சொல்ல முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் கேள்வி நிற்கும்.

புதியவர்கள் எழுதிக் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: “வெக்கை நாவலில் வெளிப்படும் சமூகச் சிக்கல்களை விவாதிக்க.” இது கல்லூரி வினாத்தாளின் மொழி. “விவாதிக்க” என்று முடிந்தாலே படிக்கிறவர் மாணவராகிவிடுகிறார். இன்னொரு வகை: “சிதம்பரம் செய்தது சரியா, தவறா?” இதற்கு நூலே தேவையில்லை. அவரவர் நீதி உணர்வை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சண்டை போடலாம். ஒரு முறை அப்படித்தான் ஆனது. இரண்டு பேர் மட்டுமே பேசினார்கள், மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே பொருளை இப்படி மாற்றலாம்: “சிதம்பரம் கையை வெட்ட மட்டுமே நினைத்துப் போனான். ஆள் செத்துவிட்டது. இந்த வேறுபாடு அவனை உறுத்துகிறதா? எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?” இப்போது பதில் சொல்ல நூலைத் திறக்க வேண்டும். உறுத்துகிறது என்பவரும் இல்லை என்பவரும் தங்கள் பக்கத்துக்கு ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். முதல் சில பக்கங்கள் மட்டும் படித்தவரும் பேசலாம்.

கடைசியாகச் சொன்னதுதான் வரிசையைத் தீர்மானிக்கிறது. முதல் கேள்வி, நூலின் தொடக்கத்தை மட்டும் படித்தவரும் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். பாதி படித்துவிட்டு வருகிறவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். முதல் இருபது நிமிடத்தில் அவர் ஒரு வாக்கியம் பேசிவிட்டால் மீதி நேரமும் அவர் கூட்டத்தில் இருப்பார். இல்லையென்றால் உடல் மட்டும் நாற்காலியில் இருக்கும்.

இரண்டாவது கேள்வி நூல் முழுவதும் ஓடுகிற ஒன்றைப் பற்றியதாக இருக்கட்டும். கொலைக்குப் பிறகு அய்யாவும் மகனும் கரிசல் காட்டில் தலைமறைவாக அலைகிறார்கள். அந்த நாட்களில் எங்கே படுப்பது, எதைத் தின்பது, தண்ணீருக்கு என்ன செய்வது என்பதை ஆசிரியர் நிதானமாக, விரிவாகச் சொல்கிறார். துரத்தப்படுகிற கதையில் இவ்வளவு நிதானம் ஏன்? என் கேள்வி: “ஓடி ஒளியும் நாட்களில் சமைப்பதும் சாப்பிடுவதும் இவ்வளவு விரிவாக வருவது கதையின் பதற்றத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?” இங்கே ஒரு நன்மை இருக்கிறது. இலக்கியப் பேச்சில் ஒதுங்கி இருக்கிறவர்கள், ஆனால் காட்டையும் வயலையும் அறிந்தவர்கள், இந்தக் கேள்வியில் மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறவர்களாக ஆகிவிடுவார்கள். எங்கள் வட்டத்தில் விவசாயப் பின்னணி உள்ள ஒரு பெரியவர் ஓராண்டு கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். இந்தக் கேள்விக்குத்தான் அவர் முதன்முறையாகப் பேசினார். அன்றைய கூட்டத்திலேயே அதுதான் நீண்ட பேச்சு.

மூன்றாவது கேள்வி, வாய்விட்டுப் படிக்க வைப்பதாக இருக்கட்டும். ‘வெக்கை’யின் பெரும்பகுதி உரையாடல். “அய்யாவும் சிதம்பரமும் பேசிக்கொள்ளும் பகுதிகளில் உங்களுக்குப் பிடித்த ஐந்தாறு வரிகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள், படித்துக் காட்டுவோம். அந்த இடத்தில் தகப்பனும் மகனுமாகப் பேசுகிறார்களா, கூட்டாளிகளாகப் பேசுகிறார்களா?” கருத்துச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் படித்துக் காட்டத் தயங்க மாட்டார்கள். அவர்களின் குரல் கூடத்தில் ஒரு முறை கேட்டுவிடுகிறது.

இடத்தைக் குறிக்கும்போது பக்க எண் கொடுக்காதீர்கள். நூலுக்குப் பல பதிப்புகள் உண்டு. உங்கள் 42ஆம் பக்கம் இன்னொருவருக்கு 50ஆம் பக்கம். “முதல் இரவு”, “ஊருக்குச் செய்தி அனுப்பும் இடம்” என்பதுபோல நிகழ்ச்சியைச் சொல்லிக் குறியுங்கள்.

## 4. நூலைப் பற்றி நான்கு வரி

நூல் அறிமுகத்தில் புதியவர்கள் செய்யும் பிழை, ஆசிரியரின் விருதுகளை அடுக்குவது. பூமணி 2014இல் ‘அஞ்ஞாடி’க்காக சாகித்திய அகாதெமி விருது பெற்றார் என்பது உண்மை. ஆனால் இந்த மாதம் படிக்கப்போகிற நூல் அதுவல்ல. படிக்கலாமா என்று யோசிக்கிற ஒருவருக்குத் தேவையானவை வேறு: கதை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு பெரியது, படிக்கச் சிரமம் எதில், முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது எது.

கதையைச் சொல்லும்போது தொடக்கத்தோடு நிறுத்துங்கள். ‘வெக்கை’க்கு இது எளிது. கொலை முதல் பக்கத்தில் நடந்துவிடுவதால் அதைச் சொன்னால் எதுவும் கெட்டுப்போகாது. அய்யாவும் மகனும் தப்பி ஓடுகிறார்கள் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

படிக்கச் சிரமம் எது என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கோவில்பட்டி வட்டாரக் கரிசல் பேச்சு நூல் முழுவதும் வருகிறது. அது பழகாதவர் முதல் இருபது பக்கத்தில் தடுமாறி, தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்து மூடி வைத்துவிடுவார். “முதல் இருபது பக்கம் மெதுவாகப் போகும், வாய்விட்டுப் படித்தால் பேச்சு பிடிபட்டுவிடும்” என்று ஒரு வரி சேர்த்தால், அந்தத் தடுமாற்றம் எல்லோருக்கும் உரியது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இந்த ஒரு வரிக்குப் பிறகு நூலை முடித்துவிட்டு வருகிறவர்கள் கூடினார்கள்.

கொலையும் ரத்தமும் முதல் பக்கத்திலேயே வருகின்றன என்பதையும் சொல்லுங்கள். அண்மையில் வீட்டில் ஓர் இழப்பைச் சந்தித்தவர் கூட்டத்தில் இருக்கலாம். அவர் அந்த மாதம் வராமல் இருக்கவோ, மனதைத் தயார் செய்துகொண்டு படிக்கவோ அந்த வரி உதவும்.

இனி திரைப்படம். 2019இல் வெளியான ‘அசுரன்’ இந்த நாவலைத் தழுவி எடுக்கப்பட்டது. இதைக் குறிப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். படம் பார்த்தவர்கள் நூலைப் படிக்காமல் வந்து, நடிப்பையும் சண்டைக் காட்சியையும் பேசுவார்கள். நூலைப் படித்தவர்கள் “அது புத்தகத்தில் அப்படி இல்லை” என்று திருத்திக்கொண்டே இருப்பார்கள். மாலை முழுவதும் ஒப்பீட்டிலேயே கரைந்துவிடும். அதற்காகப் படத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று எழுதினால், படம் பார்த்துவிட்டு ஆர்வத்தோடு வர நினைத்தவரை விரட்டியதாகிவிடும். படம் தகப்பனை மையமாக்கி நகர்கிறது. நாவல் சிறுவனோடு கூடவே நடக்கிறது. இந்த வேறுபாட்டையே அழைப்பாக மாற்றுங்கள்: “படம் பார்த்தவர்களுக்கு நாவலில் வேறொரு சிதம்பரம் காத்திருக்கிறான்.” தேநீருக்குப் பிந்தைய பத்து நிமிடத்தைப் படத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். அதையும் அறிவிப்பில் சொல்லிவிட்டால் யாரும் அதற்கு முன் படத்தை எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் “அதைத் தேநீருக்குப் பிறகு வைத்துக்கொள்வோம்” என்று சிரித்த முகத்தோடு சொல்ல உங்களுக்கு வழி இருக்கும்.

## 5. புதியவர்களை வரவேற்கும் வரி

ஒரு கல்லூரி மாணவி வட்டத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆன பிறகு என்னிடம் சொன்னார்: “இதற்கு முன்னால் இரண்டு தடவை வந்தேன் சார். மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டு, மேலே பேச்சுச் சத்தம் கேட்டதும் திரும்பிப் போய்விட்டேன்.” அந்த இரண்டு மாத அறிவிப்பிலும் “புதியவர்களும் வரலாம்” என்று நான் எழுதியிருந்தேன். அந்த வரி அவரைப் படியேற்றவில்லை.

ஏன் என்று யோசித்தபோது அந்த “உம்” கண்ணில் பட்டது. “புதியவர்களும் வரலாம்” என்றால், இது பழையவர்களின் கூட்டம், நீங்களும் வந்தால் தடுக்க மாட்டோம் என்றுதான் பொருள். “வரலாம்” என்பது அனுமதி. “வாருங்கள்” என்பதுதான் அழைப்பு. இன்னொரு வழக்கமான வரி, “இலக்கிய ஆர்வலர்கள் அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம்.” புதிதாக வர நினைக்கிறவர் தன்னை இலக்கிய ஆர்வலர் என்று நினைத்துக்கொள்வதில்லை. அந்த அழைப்பு தனக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுவார்.

வரத் தயங்குகிறவர் மனதில் இருக்கும் கேள்விகள் மிகச் சிறியவை. பேசச் சொல்வார்களா? முழுவதும் படித்திருக்க வேண்டுமா? பணம் கட்ட வேண்டுமா? யாரிடம் போய் நிற்பது? வரவேற்பு வரி இவற்றுக்குப் பதில் சொன்னால் போதும், அன்பு அதிலேயே தெரிந்துவிடும். நான் இப்போது எழுதுவது இது:

“முதன்முறை வருகிறீர்களா? வாருங்கள். பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கலாம். நூலைப் பாதிதான் படித்திருந்தாலும் வாருங்கள். கட்டணம் இல்லை. 4.15 முதல் மாடிப்படியின் அடியில் கையில் ‘வெக்கை’ நூலோடு ஒருவர் நிற்பார். அவரோடு சேர்ந்தே மேலே வரலாம்.”

இதனால்தான் வாசலில் நிற்கும் ஆளை எழுதுவதற்கு முன்பே முடிவு செய்யச் சொன்னேன். எழுதிவிட்டு ஆள் நிற்கவில்லை என்றால், எழுதாமல் இருந்ததைவிட அது கெடுதல். ஒருங்கிணைப்பாளரே நிற்கக்கூடாது. நாற்காலி போடுவது, மின்விசிறி, சாவி என்று அவரை மேலே இழுத்துக்கொண்டே இருப்பார்கள். வட்டத்துக்கு வந்து ஐந்தாறு மாதம் ஆனவரை நிறுத்துங்கள். தயங்கி நின்றது அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

வரவேற்பு வரியில் பொய்யான வாக்குறுதி கூடாது. பேசக் கட்டாயம் இல்லை என்று எழுதிவிட்டு, அறிமுகத்தின்போது “புதிதாக வந்திருக்கும் நீங்கள் நூலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள்” என்று கேட்டால் அவர் அடுத்த மாதம் வர மாட்டார். அறிமுகத்தை நடத்துகிறவருக்கு இந்த வரியை முன்பே படித்துக் காட்டிவிடுங்கள்.

## 6. எல்லாவற்றையும் வரிசைப்படுத்துவது

எழுதியது மேலே சொன்ன வரிசையில். ஆனால் அறிவிப்பில் வைக்கும் வரிசை வேறு. வாட்ஸாப்பில் நீளமான செய்தி பாதியில் மடிந்துவிடும், “மேலும் படிக்க” என்று தொட்டால்தான் மீதி தெரியும். பலர் தொட மாட்டார்கள். ஆகவே நூல், நாள், நேரம், இடம் நான்கும் மடிப்புக்கு மேலே இருக்க வேண்டும். அடுத்தது வரவேற்பு வரி. அதைக் கடைசியில் வைத்தால், அது யாருக்குத் தேவையோ அவர் அங்கே வந்து சேர்வதற்குள் கேள்விகளைப் பார்த்துப் பயந்துவிடுவார். பிறகு நூலைப் பற்றிய வரிகள், நூல் கிடைக்கும் இடம், கடைசியாகக் கேள்விகள்.

கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள், எழுதியபின் நாட்காட்டியில் ஒத்துப் பாருங்கள். போன மாத அறிவிப்பை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றும்போது கிழமை தவறிப்போகும். முடியும் நேரம் கட்டாயம் வேண்டும். பஸ்ஸில் திரும்ப வேண்டியவர்கள், குறிப்பாகப் பெண்கள், வருவதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

முழு அறிவிப்பு இப்படி வரும்:

> ஜூன் மாத நூல்: வெக்கை (நாவல்), பூமணி
> ஜூன் 21, ஞாயிறு, மாலை 4.30 முதல் 6.30 வரை
> கிளை நூலகம், மாடிக் கூடம் (பஸ் நிலையத்தின் பின்வாசல் எதிரில்)
>
> முதன்முறை வருகிறீர்களா? வாருங்கள். பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கலாம். நூலைப் பாதிதான் படித்திருந்தாலும் வாருங்கள். கட்டணம் இல்லை. 4.15 முதல் மாடிப்படியின் அடியில் கையில் ‘வெக்கை’ நூலோடு ஒருவர் நிற்பார். அவரோடு சேர்ந்தே மேலே வரலாம்.
>
> பதினைந்து வயது சிதம்பரம் ஒரு கொலையைச் செய்துவிட்டு ஓடுகிறான். மகனோடு அய்யாவும் கரிசல் காட்டில் தலைமறைவாகிறார். கொலையும் ரத்தமும் முதல் பக்கத்திலேயே உண்டு. சிறிய நாவல். வட்டாரப் பேச்சு பழகும்வரை முதல் இருபது பக்கம் மெதுவாகப் போகும், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘அசுரன்’ படம் பார்த்தவர்களுக்கு நாவலில் வேறொரு சிதம்பரம் காத்திருக்கிறான். படத்தைப் பற்றித் தேநீருக்குப் பிறகு பேசுவோம்.
>
> நூலகத்தில் இரண்டு பிரதிகள் உள்ளன. ஆளுக்கு ஐந்து நாள். நூலகரிடம் பெயர் கொடுங்கள்.
>
> படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள:
> 1. சிதம்பரம் கையை வெட்ட மட்டுமே நினைத்துப் போனான். ஆள் செத்துவிட்டது. இந்த வேறுபாடு அவனை உறுத்துகிறதா? எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?
> 2. ஓடி ஒளியும் நாட்களில் சமைப்பதும் சாப்பிடுவதும் இவ்வளவு விரிவாக வருவது பதற்றத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?
> 3. அய்யாவும் மகனும் பேசிக்கொள்ளும் ஐந்தாறு வரிகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அங்கே தகப்பனும் மகனுமாகப் பேசுகிறார்களா, கூட்டாளிகளாகவா?
>
> கேட்க வேண்டியிருந்தால்: ________ (மாலை 6 மணிக்கு மேல்)

கேள்விகளுக்குத் தலைப்பு “விவாத வினாக்கள்” என்று இல்லாமல் “படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள” என்று இருப்பதைக் கவனியுங்கள். பதில் தயாரித்துக்கொண்டு வர வேண்டும் என்ற எண்ணத்தை அது எடுத்துவிடுகிறது.

## 7. வெளியிடுவது, நினைவூட்டுவது

கூட்டத்துக்கு நான்கு வாரம் முன்பு முழு அறிவிப்பும் போய்விட வேண்டும். இரண்டு பிரதிகள் கைமாற அவ்வளவு நாள் தேவை. வாட்ஸாப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள், படமாக வேண்டாம். மூன்று வாரம் கழித்து இடத்தைத் தேடுகிறவர் “வெக்கை” என்று தட்டினால் எழுத்துத்தான் கிடைக்கும். நூலகப் பலகைக்கு ஏ4 தாளில் முதல் மூன்று வரியையும் வரவேற்பு வரியையும் மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டுங்கள். நின்றுகொண்டு படிக்கிறவர் கேள்விகள் வரை படிக்க மாட்டார்.

பத்து நாள் முன்பு முதல் கேள்வியை மட்டும் தனியாக அனுப்புங்கள். இன்னும் தொடங்காதவர்கள் அதைப் பார்த்துத்தான் நூலை எடுக்கிறார்கள். இரண்டு நாள் முன்பு நாள், நேரம், இடம், வாசலில் நிற்கும் ஆள் இவ்வளவு மட்டும். அன்று காலையிலும் நூலகருக்கு ஒரு முறை பேசிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிவிப்பு வெளியான பிறகு உங்களுக்கு வரும் அழைப்புகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரே விவரத்தை மூன்று பேர் கேட்டால் அறிவிப்பில் அது இல்லை, அல்லது இருந்தும் கண்ணில் படவில்லை. “பின்வாசல் எதிரில்” என்ற குறிப்பு அப்படித்தான் சேர்ந்தது. ஒரு மாதம் மூன்று பேர் பஸ் நிலையத்தின் முன்வாசலில் நின்று அழைத்தார்கள். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஜூலை மாத அறிவிப்பை எழுதத் தொடங்க வேண்டும்.